கார்போகரிசி போன தூரம்

புதுக்கோட்டையில் எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் கார்போகரிசி கிடைக்கும். கரும்பழுப்பு நிறம், சிறுநீரக வடிவம், மிளகைவிடச் சிறிய விதை. வாயிலிட்டால் கசக்கும், கையில் தேய்த்தால் காரமாக ஒரு வாடை வரும். குளியல் பொடி அரைப்பவர்கள் ஆவாரம்பூ, பூலாங்கிழங்கோடு இதையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். இன்னொரு வகை ஆட்களும் இதை வாங்க வருவார்கள். உடம்பில் எங்கோ ஒரு வெள்ளைத் திட்டு தோன்றி, அதை யாரிடமும் காட்டத் தயங்கி, "இதை அரைச்சுப் பூசி வெயில்ல நில்லு" என்று ஒருவர் சொன்னதை நம்பி வருபவர்கள் அவர்கள்.

அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். விதையைப் பூசு, அல்லது சாப்பிடு, பிறகு வெயிலில் நில். இந்த இரண்டும் சேர்ந்த வைத்தியம் இந்திய மருத்துவத்தில் மிகப் பழமையானது. எகிப்திலும் இதே வேலையை வேறொரு செடி செய்தது. நைல் கரையில் களையாக வளரும் அந்தச் செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் இருக்கவேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு மருத்துவர் இப்னு அல்-பைத்தார் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு செடிகளிடம் இரண்டு நாட்டு மக்கள் ஒரே பதிலைக் கண்டிருக்கிறார்கள். இரண்டிலும் இருந்தது ஒரே குடும்பத்து ரசாயனம். 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்ற இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் சோரலென். எகிப்துச் செடியிலிருந்து அதன் உறவான மெத்தாக்ஸ்சலென் 1947இல் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற தோல் மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

சோரலென் தோலில் செய்வது இதுதான். செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் அதன்மீது படாதவரை சும்மா இருக்கும். பட்டதும் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இதில் இரண்டு காரியம் நடக்கிறது. நிறம் கொடுக்கும் செல்களைத் தாக்கிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அடங்குகின்றன. முடிக்கால்களின் அடியில் ஒளிந்து பிழைத்த நிறச்செல்கள் தூண்டப்பட்டு மேலே ஏறி வருகின்றன. வெண்புள்ளி என்பது உடலின் சொந்த எதிர்ப்பாற்றல் தன் நிறச்செல்லையே அழிக்கும் நோய். தொற்றாது. தொழுநோயும் அல்ல. தொழுநோய்த் திட்டு மங்கலாக, உணர்ச்சி குறைந்து இருக்கும். வெண்புள்ளி பால்வெள்ளையாக இருக்கும், கிள்ளினால் வலிக்கும்.

நிறம் திரும்பும்போது வெள்ளைத் திட்டு முழுவதும் ஒரே சீராகக் கறுப்பதில்லை. முடிக்கால்களைச் சுற்றி ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள் முதலில் வரும். வாரக்கணக்கில் அவை விரிந்து ஒன்றோடொன்று கலக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு கருவி வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் இந்தப் புள்ளிகளைத் தேடினால் போதும். திட்டில் முளைத்திருக்கும் முடியே வெளுத்துப்போயிருந்தால் அடியிலும் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே மருந்தாலும் ஒளியாலும் பெரிதாக எதுவும் நடக்காது.

எகிப்திலிருந்து மெத்தாக்ஸ்சலென் மாத்திரையாக அமெரிக்கா போனது. 1959இல் ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற வெள்ளை எழுத்தாளர் இந்த வெண்புள்ளி மாத்திரையை விழுங்கி, ஒளிவிளக்கின் கீழ் கிடந்து, தன் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு அமெரிக்கத் தெற்கில் கறுப்பராக நடமாடினார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 1974இல் ஹார்வர்டு மருத்துவர்கள் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா ஏ விளக்கு அடுக்கிய பெட்டியைச் செய்து, மாத்திரையோடு சேர்த்துக் காளாஞ்சகப்படை நோய்க்குப் பயன்படுத்தினார்கள். நம் ஊர்களில் பெட்டி எல்லோருக்கும் எட்டவில்லை. எனவே மாத்திரையும் வெயிலும் என்ற பழைய ஏற்பாடே பல பத்தாண்டுகள் ஓடியது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்றுவிட்டு ஒருநாள், சில நிமிட வெயில், மெல்ல மெல்லக் கூட்டுவது என்பது கணக்கு.

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டைக்கு அருகே உள்ள குடுமியான்மலையை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கே வயல்வேலைக்குப் போகும் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புருவத்தையொட்டி ஒரு திட்டு, பாவாடை நாடா இறுகும் இடுப்பில் ஒரு வளையம், விரல் நுனிகளில் வெள்ளை. மாத்திரை போட்டவர் அன்று முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட்டு நிழலில் இருக்கவேண்டும். அவரோ மதியம்வரை நாற்று நடவேண்டியவர். ஐந்து நிமிடம் என்று மருத்துவர் எழுதிய வெயில் அவருக்கு ஐந்து மணி நேரமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை ஆகாது. குமட்டலும் பலருக்கு உண்டு.

கார்போகரிசி எண்ணெயைப் பூசுவது இதைவிட மோசம். அதில் சோரலென் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண வெயில் காந்தல் அன்று மாலையே தெரிந்துவிடும். சோரலென் காந்தல் அப்படியில்லை, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாளும் பூசி நின்றவருக்கு மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் ஆறினாலும் கணக்கு முடியாது. வெண்புள்ளி பரவிக்கொண்டிருப்பவர்களுக்குத் தோல் எங்கே காயப்படுகிறதோ அங்கே புதுத் திட்டு பிடிக்கும். இடுப்பில் நாடா அறுத்த தடத்தில் வந்ததும் அதே வழியில்தான். ஆக, திட்டைப் போக்கப் பூசிய எண்ணெய் திட்டைச் சுற்றிலும் அகலமாக்கிவிட்டுப் போகும். விதையை உள்ளுக்குச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு.

பயணத்தின் அடுத்த கட்டத்தில் விதையையே கழற்றிவிட்டார்கள். 311 நானோமீட்டர் என்ற குறுகிய பட்டையில் மட்டும் புற ஊதா பி கதிர் விடும் குழல் விளக்கு வந்தது. 1997இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் வெஸ்டர்ஹாஃபும் நியூவெபோர்-குரோபோட்டோவாவும் இதைச் சோரலென் பூசிய சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் விளக்கு மட்டும் பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கு நிறம் திரும்பத் தொடங்கியது, சோரலென் பூசியவர்களில் 46 சதவீதத்தினருக்கு. மாத்திரை இல்லை, குமட்டல் இல்லை, அன்று மாலை கண்ணாடி போடவும் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். இன்று உலகெங்கும் முதலில் எழுதப்படும் ஒளிச்சிகிச்சை இதுதான்.

அந்தக் குடுமியான்மலைப் பெண்ணுக்கு இது என்ன தரும்? 2017இல், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு நிறம் திரும்பப் பெற்றவர்கள் 19 சதவீதம். ஒரு வருடம் தொடர்ந்தால் 36 சதவீதம். இடத்துக்கு இடம் வித்தியாசம் இன்னும் பெரிது. முகம், கழுத்தில் அந்த அளவு நல்ல பலன் 44 சதவீதம், நடு உடம்பில் 26, கைகால்களில் 17, மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையிலும் பாதத்திலும் சுழியம். விரல் நுனியில் முடிக்கால் இல்லை, கிளம்பிவர இருப்பு இல்லை. ஆகவே அவரிடம் உண்மையாகச் சொல்லக்கூடியது: புருவத்தருகே திட்டு பெருமளவு மறைய நல்ல வாய்ப்பு, இடுப்பில் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான், அதற்கும் நாடாவைத் தளர்த்தி இடம் மாற்றிக் கட்டவேண்டும், விரல் நுனி அப்படியே இருக்கும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளவேண்டும். மூன்றையும் ஒரே வாக்குறுதியில் கட்டித் தருபவரிடம் பணம் கொடுக்கக்கூடாது.

செலவு பெரும்பாலும் பேருந்தில்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, புதுக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர், சிகிச்சை சில நிமிடம், குறைந்தது ஆறு மாதம். மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்குள் முடிவு கட்டக்கூடாது, ஆறு மாதம் பார்த்த பிறகே கைவிடலாம். எனவே கிளம்புமுன் போகவிருக்கும் மருத்துவமனையில் 311 விளக்கு இருக்கிறதா, எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். வேலை நாள் ஒவ்வொன்றும் கூலி இழப்பு என்பதால், முகத்தில் மட்டும் திட்டு உள்ளவர் வீட்டிலேயே பூசக்கூடிய டாக்ரோலிமஸ் களிம்பில் தொடங்குவது நியாயமானது.

திட்டு இன்னும் பெருகிக்கொண்டே போகிறதென்றால் முதலில் அதை நிறுத்தவேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழி பிறந்தது. 1993இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பஸ்ரிச்சாவும் கைத்தானும் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் 5 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன் கொடுத்துப் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். தினமும் ஸ்டீராய்டு தின்னும் தீங்கு இதில் குறைவு. ஆனால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்த்து மருத்துவர் கொடுக்கவேண்டிய மாத்திரை அது. தைராய்டு பரிசோதனையும் அப்போதே செய்துகொள்வது நல்லது, இந்த நோயோடு அது அடிக்கடி சேர்ந்து வரும். ஒட்டுப்பொட்டின் கீழோ ரப்பர் செருப்பின் வார் பட்ட இடத்திலோ மட்டும் வெளுத்தால், அவற்றின் பசையும் ரப்பருமே காரணமாக இருக்கலாம். அவற்றை விட்டுவிட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு வருடமாகப் புதுத் திட்டு வராமல், இருப்பது பெருகாமல் நிலைத்துவிட்டால் தோல் ஒட்டு, செல் மாற்று அறுவைக்கு வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நோயில் செய்தால் ஒட்டும் வெளுக்கும். 2022 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்சோலிட்டினிப் களிம்பு, வெள்ளணுக்களின் தூண்டுதலை நேரடியாகத் தடுக்கிறது. அதிலும் ஆறு மாதத்தில் முகத்தில் நான்கில் மூன்று பங்கு நிறம் பெற்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான்.

நிறம் திரும்பியபின் மருந்தை முழுதாக நிறுத்தினால் ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்குத் திட்டு மறுபடி வருகிறது. வாரத்துக்கு இருமுறை மட்டும் டாக்ரோலிமஸ் களிம்பு பூசிவந்தவர்களிடம் அது பத்தில் ஒருவராகக் குறைந்ததை ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. வெண்புள்ளி முழுதாகத் தீர்ந்துவிடும் என்று இன்றுவரை எந்த நேர்மையான மருத்துவரும் சொல்வதில்லை.

கார்போகரிசியைக் குளியல் பொடிக்காகக்கூட வெண்புள்ளி உள்ளவர் தொடவேண்டாம். வாங்கி வைத்த எண்ணெய் வீட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். திட்டு புதிதாக இருக்கும்போதே, முகத்தில் இருக்கும்போதே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்.