நுண்கட்டுப்படுத்திச் சுற்றுப்பலகை வடிவமைப்பு

நுண்கட்டுப்படுத்திச் சுற்றுப்பலகை வடிவமைப்பு என்பது நுண்கட்டுப்படுத்தியையும் அதனோடு இணையும் உறுப்புகளையும் அச்சிட்ட சுற்றுப்பலகையில் இடங்குறித்து, செப்புத் தடங்களால் இணைக்கும் முறையாகும். மின்சுற்று வரைபடம் சரியாக இருந்தாலும், தடங்கள் செல்லும் வழி தவறாக இருப்பின் பலகை பிழையாக இயங்கக்கூடும். ஒரே பலகையில் மின்னோடியும் இயக்கப்படும்போது இது தெளிவாகப் புலப்படும்.

## திரும்பு பாதை

மின்னோட்டம் மின்வழங்கியிலிருந்து சென்று மீண்டும் அதனிடமே திரும்புகிறது. திரும்பும் வழியான தரைத்தடத்திற்கும் மின்தடை உண்டு. 35 மைக்ரோமீட்டர் தடிப்பும் 1 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் உடைய செப்புத் தடத்தின் மின்தடை ஏறத்தாழ 25 மில்லிஓம் ஆகும். இத்தடத்தின் ஒரு முனையில் மின்வழங்கியும் நுண்கட்டுப்படுத்தியும், மறுமுனையில் மின்னோடி இயக்கியும் ஓர் உணரியும் இருப்பதாகக் கொள்வோம். மின்னோடியின் 2 ஆம்பியர் மின்னோட்டம் இத்தடத்தின் வழியே திரும்பினால்,

`V = I × R = 2 × 0.025 = 0.05 V`

ஆகவே உணரியின் தரை, நுண்கட்டுப்படுத்தியின் தரையைவிட 50 மில்லிவோல்ட் உயர்ந்து நிற்கும். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுக்கும் 10 இருமத் தானத்து மாற்றியில் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் ஆதலால், அளவீடு சுமார் 10 படிகள் விலகும். மின்னோடி ஓடும்போது மட்டும் அளவீடு மாறுவது இப்பிழையின் அடையாளமாகும்.

மின்னோடியை விரைவாக நிறுத்தி இயக்கும்போது தடத்தின் தூண்டலும் சேர்ந்துகொள்கிறது. 50 நானோஎன்றி தூண்டலுடைய தடத்தில் 2 ஆம்பியர் 50 நானோநொடியில் மாறினால் 2 வோல்ட் துடிப்பு எழும். இது நுண்கட்டுப்படுத்தியை மீளத் தொடங்கச் செய்யவும் போதுமானது.

இதற்குத் தீர்வு, மின்னோடியின் திரும்பு தடத்தைத் தனியாக மின்வழங்கியின் மின்தேக்கி வரை கொண்டுசெல்வதாகும். முழுத் தரைத்தளம் உள்ள பலகையில், உயர் அதிர்வெண் மின்னோட்டம் தன் தடத்திற்கு நேர் கீழாகவே திரும்ப முனையும். தளத்தில் பிளவு இருந்தால் அது சுற்றி வளைந்து செல்லும். ஆகவே தளத்தை வெட்டுவதைவிட, மின்னோடிப் பகுதியை மின்வழங்கியின் அருகில் ஒதுக்கி வைப்பது நன்று.

## படிகம்

படிக அலையியற்றியின் முனைகள் உயர் மறிப்புடையவை. அருகிலுள்ள தடங்களின் இரைச்சல் அவற்றில் எளிதில் புகும். எனவே படிகம் நுண்கட்டுப்படுத்தியிலிருந்து சில மி.மீ. தொலைவிலேயே அமைக்கப்படுகிறது. அதன் இரு மின்தேக்கிகளின் தரைமுனைகள், அருகிலுள்ள தரைக்காலுடன் குறுகிய தடத்தால் இணைக்கப்படுகின்றன. மின்னோடித் தடம் இப்பகுதியின் அடியிலோ பக்கத்திலோ செல்லலாகாது.

மின்தேக்கியின் அளவு படிகத்தின் சுமைக் கொண்மத்தைப் பொறுத்தது. சுமைக் கொண்மம் 16 பிக்கோபாரடும், தடம் மற்றும் கால்களின் கொண்மம் 5 பிக்கோபாரடும் எனில்,

`C = 2 × (16 − 5) = 22 pF`

நீண்ட தடங்கள் இக்கொண்மத்தைக் கூட்டி அதிர்வெண்ணைச் சற்றே குறைக்கும்.

அலைநோக்கியின் ஆய்முனையைப் படிகத்தில் நேரடியாக வைத்தால் அதன் கொண்மமே அலைவை மாற்றிவிடும், சிலவேளை நிறுத்தியும் விடும். ஏடிமெகா328பி போன்றவற்றில் `CKOUT` அமைப்பை இயக்கி, கடிகாரத் துடிப்பை வேறொரு காலில் பெற்று அளப்பது பாதுகாப்பான வழியாகும்.

## வரம்புகள்

தூரிகை மின்னோடியில் எழும் பொறியின் இரைச்சல் இணைப்புக் கம்பிகள் வழியே பலகைக்கு வருகிறது. தட அமைப்பு மட்டும் இதைத் தடுக்காது. மின்னோடியின் முனைகளுக்கிடையே 100 நானோபாரடு மின்தேக்கியைப் பொருத்தி, கம்பிகளை முறுக்கி அமைப்பது வழக்கம்.