டேன்ஜன்ட் விதியின் கதை

ஒரு முக்கோணத்திற்கு மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களும் உண்டு. இந்த ஆறில் மூன்று தெரிந்தால் (அதில் ஒன்றாவது பக்கமாக இருந்தால்) மீதி மூன்றைக் கண்டுபிடிக்க முயலலாம். இதற்காகப் பள்ளிக்கூடத்தில் முதலில் கற்றுத்தரப்படுவது சைன் விதி. ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் கிடைக்கும் எண், மூன்று பக்கங்களுக்கும் ஒன்றே என்பது அந்த விதி.

a / sin A = b / sin B = c / sin C

பார்க்க எளிமையானது, நினைவில் நிற்பது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிரே உள்ள கோணமும் சோடியாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள கோணமும் மட்டும் தெரிந்தால் அப்படி ஒரு சோடி கூடக் கிடைக்காது. a-யும் b-யும் தெரியும், A-யும் B-யும் தெரியாது. C தெரியும், c தெரியாது. சைன் விதி தொடக்கத்திலேயே நின்றுபோகிறது. அந்த இடத்தில் சுமார் நான்கு நூற்றாண்டுகள் கணக்காளர்களுக்குக் கைகொடுத்தது டேன்ஜன்ட் விதி.

சைன் விதியைத் தள முக்கோணங்களுக்குத் தெளிவாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் 13-ஆம் நூற்றாண்டுப் பாரசீக அறிஞர் நசீருத்தீன் அல்தூசி. ஐரோப்பாவில் அதே வேலையைச் செய்தவர் ஜெர்மானியரான ரெஜியோமொண்டானஸ். முக்கோணங்களைப் பற்றி அவர் 1464-ல் எழுதிய நூல் 1533-ல்தான் அச்சானது. அந்த நூலில் டேன்ஜன்ட் இல்லை. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் தந்தால் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்திற்குச் செங்குத்துக்கோடு இறக்கி, முக்கோணத்தை இரண்டு செங்கோண முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டியிருந்தது. வழி சரிதான், ஆனால் வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாமல் முடியாது. ஏழெட்டு இலக்க எண்களைக் கையால் வர்க்கப்படுத்தி, பிறகு மூலம் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

1583-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வட்டங்களின் வடிவியல் பற்றி ஒரு லத்தீன் நூல் வெளிவந்தது. எழுதியவர் தாமஸ் ஃபிங்கே என்ற டேனிஷ் இளைஞர். அப்போது அவருக்கு வயது 22 தான். டேன்ஜன்ட், சீகண்ட் என்ற பெயர்களைக் கணிதத்துக்குத் தந்தது இந்த நூல்தான். டேன்ஜன்ட் விதியும் இதில் இருந்தது. பிறகு ஃபிங்கே மருத்துவரானார், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நெடுங்காலம் இருந்தார், 95 வயது வரை வாழ்ந்தார். ஆனால் கணித வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது அந்த 22 வயது நூலுக்காகத்தான். இன்றைய குறியீட்டில் அவருடைய விதி இப்படி இருக்கும்.

(a − b) / (a + b) = tan((A − B)/2) / tan((A + B)/2)

அதாவது, இரண்டு பக்கங்களின் வித்தியாசத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதம், எதிர்க்கோணங்களின் பாதி வித்தியாசத்தின் டேன்ஜன்டுக்கும் பாதிக் கூட்டுத்தொகையின் டேன்ஜன்டுக்கும் உள்ள விகிதமே ஆகும். இது எங்கிருந்தோ வந்ததல்ல. சைன் விதியின்படி a-வும் b-யும் sin A, sin B ஆகியவற்றின் விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே இடப்பக்கத்தை (sin A − sin B) / (sin A + sin B) என்று எழுதலாம். இரண்டு சைன்களின் கழித்தலையும் கூட்டலையும் பெருக்கலாக மாற்றும் வாய்ப்பாட்டைப் போட்டால் வலப்பக்கம் வந்துவிடும். ஆக, டேன்ஜன்ட் விதி என்பது சைன் விதியின் பிள்ளைதான். தாயால் திறக்க முடியாத கதவைப் பிள்ளை திறக்கிறது.

எப்படித் திறக்கிறது? C தெரிந்தால் A-யும் B-யும் சேர்ந்து எவ்வளவு என்பது தானாகத் தெரிந்துவிடும். 180-லிருந்து C-யைக் கழித்தால் போதும். கூட்டுத்தொகை கையில் இருக்கிறது, வித்தியாசம்தான் தேவை. அந்த வித்தியாசத்தைத் தருவதே இந்த விதியின் வேலை. கூட்டுத்தொகையும் வித்தியாசமும் கிடைத்துவிட்டால் இரண்டு கோணங்களும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

1614-ல் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்ட பிறகு இந்த விதியின் மதிப்பு பல மடங்கு உயர்ந்தது. மடக்கை பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித்தரும். ஆனால் கூட்டலையும் கழித்தலையும் அதனால் எளிமையாக்க முடியாது. கொசைன் விதியைப் பாருங்கள்.

c² = a² + b² − 2ab cos C

இங்கே மூன்று உறுப்புகள். ஒவ்வொன்றையும் மடக்கையால் கண்டுபிடித்து, அட்டவணையில் திரும்பிப்போய்ச் சாதாரண எண்ணாக மாற்றி, கூட்டிக் கழித்து, விடைக்கு மறுபடியும் மடக்கை எடுத்து, பாதியாக்கி, மறுபடியும் எண்ணாக மாற்ற வேண்டும். சுமார் ஒன்பது முறை அட்டவணையைப் புரட்டியும் கிடைப்பது ஒரு பக்கம் மட்டும். டேன்ஜன்ட் விதியில் இருப்பதோ பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு ஏரியின் இரு கரைகளில் A, B என்று இரண்டு கற்கள் நடப்பட்டுள்ளன. நடுவே தண்ணீர் இருப்பதால் சங்கிலி பிடித்து அளக்க முடியாது. இரண்டையும் காணக்கூடிய C என்ற இடத்தில் நில அளவையாளர் நிற்கிறார். அங்கிருந்து B-க்கு 925 அடி, இது a. A-க்கு 675 அடி, இது b. இடைக்கோணம் 64 பாகை.

பக்கங்களின் வித்தியாசம் 250, கூட்டுத்தொகை 1600. கோணங்களின் கூட்டுத்தொகை 116 பாகை, அதில் பாதி 58. இனி நான்கு இலக்க அட்டவணையை எடுத்துக்கொண்டால்:

log 250 = 2.3979
log 1600 = 3.2041
log tan 58° = 0.2042

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் −0.6020. குறை எண்ணைத் தவிர்க்க அக்கால அட்டவணைகளில் 10 கூட்டி 9.3980 என்று போட்டிருப்பார்கள். டேன்ஜன்ட் பக்கத்தில் அதைத் தேடினால் 14 பாகை 2 கலை கிடைக்கும். 58-உடன் கூட்டினால் A = 72° 2′, கழித்தால் B = 43° 58′. நான்கே முறை அட்டவணையைப் பார்த்து இரண்டு கோணங்களும் கிடைத்துவிட்டன. இப்போது பக்கமும் எதிர்க்கோணமும் சோடியாக இருப்பதால் சைன் விதி மீண்டும் உயிர்பெறுகிறது. 925-ஐ sin 64°-ஆல் பெருக்கி sin 72° 2′-ஆல் வகுத்தால் ஏரியின் குறுக்கே உள்ள தூரம் 874 அடி.

வேலை குறைவது மட்டும்தான் லாபமா என்றால், இல்லை. முக்கோணம் ஒல்லியாக இருக்கும்போது கொசைன் விதி தவறான விடையே தந்துவிடும். a = 925, b = 900, இடைக்கோணம் 3 பாகை மட்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்களை நான்கு இலக்கத்துக்குச் சுருக்கினால் வர்க்கங்கள் 8,55,600-உம் 8,10,000-உம் ஆகும். கூட்டினால் 16,65,600. மூன்றாவது உறுப்பு 16,63,000. கழித்தால் 2,600, அதன் மூலம் 51 அடி. ஆனால் உண்மையான விடை 53.9 அடி! இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும்போது, சுருக்கியதால் வந்த பிழை முழுவதும் அந்தச் சிறிய எண்ணின் தலையில் விழுகிறது. அதே நான்கு இலக்கத்தோடு டேன்ஜன்ட் விதியில் போனால் பாதி வித்தியாசம் 27° 37′, A = 116° 7′, பக்கம் 53.9 அடி என்று சரியாகவே வருகிறது. இங்கே கழித்தல் நடப்பது 925-லிருந்து 900-ஐ எடுக்கும்போதுதான். அவை சுருக்கப்படாத அளவுகள் என்பதால் பிழை பெருகுவதில்லை.

இதே முக்கோணத்தில் இன்னொரு பொறியும் உண்டு. கொசைன் விதியால் c-யைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டு, பிறகு சைன் விதியால் A-யைத் தேடினால் sin A = 0.8979 என்று வரும். அட்டவணை காட்டுவது 63° 53′. ஆனால் 116° 7′-க்கும் சைன் அதுவேதான். சைனுக்குக் குறுங்கோணமும் விரிகோணமும் ஒரே மாதிரி. எது சரி என்று அது சொல்லாது. டேன்ஜன்ட் விதியில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. பாதி வித்தியாசம் எப்போதும் 90 பாகைக்குள்தான் இருக்கும், அந்த எல்லைக்குள் ஒரு டேன்ஜன்டுக்கு ஒரே கோணம்தான்.

அப்படியானால் சைன் விதி எப்போது வசதி? கோணங்கள் அதிகமாகவும் பக்கம் ஒன்று மட்டும் தெரிந்திருக்கும்போது. நில அளவையில் பெரும்பாலும் அதுதான் நிலை. 1802-ல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 7.5 மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து கிளம்பிய முக்கோணங்களில் தியோடலைட்டால் கோணங்களை அளந்து, பக்கங்களைச் சைன் விதியால் கணக்கிட்டுக்கொண்டே போகலாம். அங்கே டேன்ஜன்ட் விதிக்கு வேலையில்லை. மூன்று பக்கங்கள் மட்டும் தெரிந்த முக்கோணத்திலும் அது பயன்படாது, ஏனென்றால் தொடங்குவதற்குக் கோணம் எதுவும் இல்லை. அது தேவைப்படுவது இரண்டு பக்கமும் இடைக்கோணமும் என்ற ஒரே நிலையில்தான்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இந்த விதி நேப்பியர் சூத்திரம் என்ற பெயரில் இருக்கிறது. கோள முக்கோணங்களுக்கு நேப்பியர் பெயரால் வழங்கும் வாய்ப்பாடுகளும் இதே சாயலில் அமைந்தவை. ஆனால் தள முக்கோணத்துக்கான விதியை ஃபிங்கே அச்சிட்டது நேப்பியரின் மடக்கை நூலுக்கு 31 ஆண்டுகள் முன்பே என்பது குறிப்பிடத்தக்கது.

1972-ல் எச்.பி-35 என்ற கைக்கணிப்பான் வந்தது. சைன், கொசைன், வர்க்கமூலம் எல்லாம் ஒரு பொத்தானில் அடங்கின. பத்து இலக்கம் காட்டும் கருவிக்கு ஒல்லி முக்கோணமும் பெரிய தொல்லையில்லை. மடக்கைப் புத்தகம் மேசையிலிருந்து இறங்கியபோது டேன்ஜன்ட் விதியும் கூடவே இறங்கிப் பல நாட்டுப் பாடநூல்களிலிருந்து மறைந்தது. ஆனால் சைனின் அந்தப் பழைய பொறி மட்டும் அப்படியே இருக்கிறது. கணிப்பானில் 0.8979-க்கு உரிய கோணத்தைக் கேட்டால் இன்றும் 63.9 என்றுதான் சொல்லும். அந்த ஒல்லி முக்கோணத்துக்கு 116 பாகைதான் சரி என்பதை மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.