தவளைத்தாவல் முறை

கோள்களின் பாதையைச் சிறுசிறு காலப்படிகளாகக் கணக்கிடும் எண்முறை. எளிய ஆய்லர் முறை, படியின் தொடக்கத்தில் உள்ள வேகத்தையும் ஈர்ப்பையும் படி முழுவதற்கும் மாறாதவையாகக் கொள்கிறது. கோள் தொடுகோட்டில் நகர்வதால் வட்டத்துக்கு வெளியே போகிறது. அதன் வேகமும் கூடுகிறது. GM, ஆரம், வேகம் மூன்றையும் 1 என்று வைத்து, 0.1 அளவுள்ள ஒரு படி போட்டுப் பாருங்கள்: ஆற்றல் -0.5 இலிருந்து -0.490 ஆகிவிடும். ஒரே படியில் சுற்றுப்பாதை 2 விழுக்காடு பெருத்துவிட்டது. அடுத்த படிகளிலும் பிழை அதே திசையில் சேர்வதால் கோள் சுருளாக விலகும்.

தவளைத்தாவலில் வேகத்தைப் பாதிப் படி மாற்றி, அந்த வேகத்தில் கோளை முழுப்படி நகர்த்தி, புதிய இடத்தின் ஈர்ப்பால் மீதிப் பாதியை மாற்றுவார்கள்:

```
v += a(x)*h/2
x += v*h
v += a(x)*h/2
```

அதே எடுத்துக்காட்டில் ஆற்றல் பிழை ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றல் துல்லியமாக மாறாமல் இருப்பதில்லை. உண்மை மதிப்பையொட்டி ஊசலாடுகிறது, அவ்வளவே. கோண உந்தமோ, எண்களை முழுமையாக்கும் பிழை நீங்கலாக, அப்படியே காக்கப்படுகிறது. நேர்கோட்டு நகர்வும் மையம் நோக்கிய உதையும் மாறி மாறி வரும் இந்த அமைப்பு, நியூட்டன் 1687இல் சம பரப்பு விதியை நிறுவிய வரைபடத்திலேயே உண்டு.

ஆற்றல் சரியாக இருந்தாலும் கோளின் இடம் சரி என்று நம்பிவிடக்கூடாது. சுற்றுக்காலப் பிழை படிப்படியாகச் சேரும். நீள்வட்டம் மிகக் குறுகலானால், சூரியனருகே மட்டும் படியைச் சுருக்கத் தோன்றும். அப்படித் தன்போக்கில் மாற்றினால் ஆற்றல் மீண்டும் நழுவத் தொடங்கும்.