பாலராமபுரம்: ஒரு பெயரின் விலை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்பாக வரும் நெசவூர் பாலராமபுரம். கேரளத்துத் துணிக்கடைகளில் வெள்ளைப் பருத்தியும் கசவுக் கரையும் கொண்ட ஒரு முண்டும் நேரியதும் இந்த ஊர்ப்பெயரோடு வைக்கப்பட்டால், அதே தோற்றமுள்ள பெயரில்லாத துணியைவிடப் பல மடங்கு விலை சொல்லப்படுகிறது. வாங்குபவர் முனகாமல் தருகிறார். துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் அறியக்கூடியவர்கள் வெகு சிலரே. எனில் அந்தக் கூடுதல் பணம் எதற்காகத் தரப்படுகிறது?

பொதுவாக வழங்கிவரும் வரலாற்றின்படி, 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய பருத்தித் துணி நெய்வது அவர்கள் பணி. அவர்கள் தெற்கே தமிழ் வழங்கும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூருக்குள்ளேயே இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. நெசவின் அடிப்படைச் சொற்களான தறி, பாவு, ஊடு ஆகியவை இன்றும் இரு மொழிக்கும் பொதுவாக இருக்கின்றன. ஆனால் ஊருக்கு வாய்த்தது நெய்தவர் பெயரன்று, நெய்வித்தவர் பெயர்.

அரண்மனை வாங்கிய காலத்தில் அந்தப் பெயருக்குச் சந்தையில் வேலையே இல்லை. வாங்குபவர் ஒருவர், நெய்பவர்கள் தெரிந்தவர்கள், தரம் குறைந்தால் அடுத்த நாளே தெரிந்துவிடும். முன்பின் அறியாதவர் வாங்கத் தொடங்கும்போதுதான் பெயர் தேவைப்படுகிறது. நெசவாளியின் முகம் இருந்த இடத்தில் ஒரு சொல் வந்து நிற்கிறது.

அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதைத் தறியருகே நின்றால் காணலாம். நூல் மெல்லியது, நூறாம் எண் நூல் இங்கு வழக்கம். மெல்லிய நூல் தறியின் இழுப்பில் அறுந்துவிடும் என்பதால் பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தூரிகையால் சீராகத் தேய்த்து உலர்த்துகிறார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். பலர் சேர்ந்தால்தான் முடியும். பின்னர் குழித்தறியில் கையால் நெய்யும்போது துணியின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் அமைகிறது. கரையில் ஓடும் கசவில் தூய வகை, பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்பூச்சிட்டது. மலிவான வகையில் செம்புக் கம்பி இருக்கும். அதைவிட மலிவானதில் பளபளக்கும் பாலியெஸ்டர் படலம் மட்டுமே இருக்கும். கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும்.

வணிகவியல் இதைப் பெயர்மதிப்பு என்கிறது. 1991இல் டேவிட் ஆக்கர் எழுதிய நூலுக்குப் பின் அது பெரும் துறையாயிற்று. ஆனால் கூடுதல் விலை ஏன் நிலைக்கிறது என்பதற்குக் கூர்மையான விடை, 1981இல் பெஞ்சமின் கிளெய்னும் கீத் லெஃப்லரும் எழுதிய பொருளியல் கட்டுரையில் இருக்கிறது. கூடுதல் விலை ஒரு பிணைத்தொகை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். விற்பவர் ஏமாற்றினால் எதிர்காலத்தில் வரவிருக்கும் அந்தக் கூடுதல் வருவாயை இழப்பார்; அந்த அச்சமே அவரை நேர்மையாக வைத்திருக்கிறது. வாங்குபவர் அதிகம் கொடுப்பது ஏமாளித்தனத்தால் அன்று. விற்பவரிடம் இழப்பதற்கு ஏதேனும் இருக்கட்டும் என்பதற்காகவே.

ஒரு கற்பனைக் கடையைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் நூறு முண்டு விற்கும் கடைக்கு, பெயரின் பலனாகத் துணி ஒன்றுக்கு 300 ரூபாய் கூடுதல் இலாபம் என்றால் மாதம் 30,000. கைத்தறித் துணிக்குப் பதிலாக விசைத்தறித் துணியை அதே பெயரில் விற்றால் துணி ஒன்றுக்கு மேலும் 1,500 மிஞ்சும் எனக் கொள்வோம். மாதம் ஒன்றரை இலட்சம். ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டால், ஐந்து மாத நேர்மையில் கிடைக்கும் தொகைக்காகக் கடையின் எதிர்காலமே போகும். நீண்டநாள் தொழில் செய்ய நினைப்பவர் அதைச் செய்யமாட்டார். ஆனால் குட்டு வெளிப்பட இரண்டாண்டு ஆனால்? ஏமாற்றின் வரவு 36 இலட்சம், அதாவது பத்தாண்டு நேர்மையின் பலன். அப்போது பிணைத்தொகை போதாது.

பாலராமபுரத்தின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது. கசவுத்துணி அன்றாடம் உடுப்பதன்று. ஓணத்துக்கும் திருமணத்துக்கும் எடுத்து, மடித்துப் பெட்டியில் வைப்பது. சில சலவைக்குப்பின் கரை கறுத்தால்தான் ஐயம் எழும். அதற்குள் ஆண்டுகள் போய்விடும். எந்தப் பொருளின் தரம் தாமதமாகத் தெரியவருகிறதோ அதன் பெயரைத் திருடுவதே எளிது. விசைத்தறித் துணி பாலராமபுரம் என்ற பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருவதற்கு இதுவே பின்னணி.

இரண்டாவது இக்கட்டு உடைமை பற்றியது. 1993இல் பார்லே நிறுவனம் தம்ஸ் அப் பெயரைக் கொக்கக் கோலாவுக்கு விற்றபோது பெயரோடு அதைக் காக்கும் பொறுப்பும் கைமாறியது. பெயர் கெட்டால் நட்டம் யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஊர்ப்பெயர் அப்படியன்று. ஒரு கடைக்காரர் ஏமாற்றினால் இலாபம் அவருக்கு, இழப்போ அத்தனை தறிகளுக்கும் பங்கிடப்படுகிறது. 1961இல் தொடங்கிய ஹான்டெக்ஸ் கூட்டுறவு அமைப்பு தன் பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்து வைத்து விற்றதன் பயன் இதுதான்: தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு. தனிக்கடையின் நற்பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்து நிற்கும் இடத்தில் வாங்குபவர் ஓரளவு நம்பலாம்.

சட்டமும் தன் பங்குக்கு வந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. 1999இல் இயற்றி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், பாலராமபுரம் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும் 2009-10இல் பதிவாயின. பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு இலட்சம் வரை தண்டமும் உண்டு. குறியீட்டை எவருக்கும் விற்கவோ அடகுவைக்கவோ முடியாது என்பது அச்சட்டத்தின் நல்ல கூறு. எனினும், பதிவு என்பது காவல் ஆகாது. கடைகடையாகச் சென்று துணியைச் சோதிப்பவரும் வழக்கைக் கடைசிவரை நடத்துபவரும் இல்லாதபோது, விற்பவரின் கணக்கில் அந்தத் தண்டனை ஒரு பெரும் செலவாகப் பதிவதில்லை.

வாங்குபவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. துணியைத் திருப்பிப் பார்க்கலாம். கரை ஓரத்தைப் பார்க்கலாம்: தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கருவியின் சிறு ஊசித்துளைகள் கைத்தறியில் பெரும்பாலும் தென்படும், ஆனால் அது ஒன்றே சான்றாகாது. கசவின் நுனியிலிருந்து ஓரிழையைப் பிரித்துச் சுரண்டினால் உள்ளே செம்பா, வெள்ளியா, வெறும் படலமா என்பது தெரியும். கடைக்காரர் இதற்கு ஒப்புவாரா என்பதே ஒரு சோதனை. 2006இல் வந்த கைத்தறி முத்திரை கைநெசவுக்குச் சான்று, ஊருக்குச் சான்றன்று. பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பின் எஞ்சும் கேள்வி, பெயரின் மதிப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது. பெயர் ஈட்டும் கூடுதல் விலையின் பெரும்பகுதி கடை வரிசையிலேயே தங்கி, கூலி மட்டும் தெருவுக்குத் திரும்பினால், நெசவாளியின் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் வேறு வேலை தேடுவார்கள். தறி குறையும், ஓணத்துக்கான தேவை குறையாது. அந்த இடைவெளியை நிரப்ப வருவது விசைத்தறித் துணி. அதன்மேல் ஒட்டப்படும் சீட்டிலும் பாலராமபுரம் என்றே எழுதியிருக்கும்.