ஃபெதரிங்

ஃபெதரிங் என்பது, நிழற்படத்தில் ஆடையைத் திருத்தியபின் மாஸ்கின் எல்லையில் தோன்றும் ஒளிக்கோட்டையும் படிக்கட்டுப் போன்ற பிசிறையும் போக்க, அவ்வெல்லையைக் கிரமமாக மங்கச் செய்யும் முறையாகும். வெண்சட்டையொன்றைக் கருநீலமாக்கும்போது, சட்டையும் பின்புலமும் கலந்த ஓரப் பிக்சல்கள் மாஸ்குக்கு வெளியே நின்று பழைய வெண்மையைக் காட்டிக்கொடுப்பதே அக்கோட்டின் காரணம். ஆதலின் மங்கலாக்குவதற்கு முன் மாஸ்கை 1 பிக்சல் அளவு விரித்துக்கொள்வது அவசியம், பலரும் மறந்துவிடுவதும் இதுவே. பின்னர் 1 அல்லது 2 பிக்சல் ஆரத்தில் மங்கலாக்கினால், மாஸ்கின் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே சாம்பல் படிகள் பிறந்து பிசிறு மறையும். ஆரம் மிகுந்தாலோ, நீலம் கழுத்தின் சருமத்தில் கசிந்திருப்பது 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கையில் புலப்படும். கம்பளியின் நூலிழை ஓரத்துக்கு இம்முறை போதாது; அங்கே மாஸ்கைத் தூரிகையால் தீட்டியே திருத்த வேண்டும்.