சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் பரிசோதனை: முதல் நாள் இரவிலிருந்து என்ன செய்வது?

கர்ப்பிணிகளுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனைக்கு எப்படித் தயாராவது என்பதில் நம் வீடுகளில் இன்னமும் குழப்பம் இருக்கிறது. மருத்துவமனை தரும் துண்டுத்தாள் ஒன்று சொல்கிறது, ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா வேறொன்று சொல்கிறார்.

அம்மா சொல்வதிலும் பொருள் உண்டு. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த முறையில், கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். தொலைவிலிருந்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு காக்க வைக்க வேண்டாம் என்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இது பழக்கமான முறை. சிங்கப்பூரில் செய்வது வேறு. இங்கே மூன்று முறை ரத்தம் எடுக்கிறார்கள். முதல் ரத்தம் வெறும் வயிற்றில் எடுக்கப்பட வேண்டும். அதனால் “சாப்பிட்டுவிட்டே போ” என்ற அறிவுரை இங்கே பொருந்தாது.

தேக்கா பக்கத்தில் வசிக்கும், 26 வாரக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 8.30 மணிக்கு முன்பதிவு. முதல் நாள் இரவு 10 மணிக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிட்டால் பத்து மணி நேர இடைவெளி கிடைக்கும். எட்டு மணி நேரம் போதுமானது. “நல்ல முடிவு வரட்டும்” என்று மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டை நிறுத்திவிடுவதால் நன்மை இல்லை. பதினான்கு மணி நேரத்தைத் தாண்டிய பட்டினி உடலின் சர்க்கரைக் கணக்கையே மாற்றக்கூடும், கர்ப்பிணிக்குத் தலைசுற்றலும் வரும்.

இந்த இடைவெளியில் வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் ரத்தக்குழாய் எளிதில் கிடைக்கும். பல் துலக்கலாம். ஆனால் காலையில் ஒரு வாய் தேநீர் கூடாது. பால், சீனி இல்லாத ‘தே ஓ கொசோங்’ ஆனாலும் சரி, அதிலுள்ள காஃபின் சர்க்கரை அளவை அசைத்துவிடும். வெற்றிலைபாக்கு, சூயிங்கம், இருமல் மிட்டாய், சிகரெட் எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

பலரும் தவறு செய்வது முதல் நாள் இரவில் அல்ல, அதற்கு முந்தைய மூன்று நாள்களில்தான். பரிசோதனை வருகிறதே என்று சோற்றையும் இட்லியையும் நிறுத்திவிட்டு, காய்கறியும் முட்டையுமாகச் சாப்பிடுகிறார்கள். மாவுச்சத்து வராத நாள்களில் கணையம் இன்சுலினைச் சட்டென்று பெரிய அளவில் சுரக்கும் பழக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறது. திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் இறங்கும்போது அதைச் சமாளிக்கச் சற்று நேரமாகிறது. நோய் இல்லாதவருக்கும் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே அந்த மூன்று நாள்களும் நாளுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சேரும்படி, அதாவது மூன்று வேளையும் வழக்கம்போல் சோறு, இட்லி, சப்பாத்தி என்று சாப்பிட வேண்டும். கந்த சஷ்டி விரதமோ தைப்பூசத்துக்கான பால், பழ விரதமோ இருந்தவர்கள், விரதம் முடிந்து சில நாள் வழக்கமாகச் சாப்பிட்ட பிறகு வரும் தேதியைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி அந்தப் பெண்ணின் காலை. 8.40க்கு முதல் ரத்தம். 8.45க்குக் குளுக்கோஸ் கரைசல் தரப்படுகிறது. ஏறக்குறைய 250 முதல் 300 மில்லிலிட்டர், திகட்டும் இனிப்பு. ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மடக்கு உள்ளே போன நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஆகவே 9.45க்கு இரண்டாவது ரத்தம், 10.45க்கு மூன்றாவது. தாதியர் நேரத்தைக் குறிக்கும்போது நீங்களும் கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டமான காலையில் பெயர் அழைக்கத் தாமதமானால் நீங்களே எழுந்து சொல்லலாம்.

இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடத் தோன்றும். போகக் கூடாது. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உண்மையில் உயர்ந்திருக்க வேண்டிய அளவு குறைவாகத் தெரியும், நோய் பிடிபடாமல் போகும். உட்கார்ந்தே இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமானால் கேட்டு ஓரிரு மடக்கு குடிக்கலாம்.

வாந்தி வந்துவிட்டால் மறைக்க வேண்டாம். எவ்வளவு குளுக்கோஸ் உள்ளே தங்கியது என்பது தெரியாமல் எடுக்கும் ரத்தத்துக்குப் பொருள் இல்லை. பரிசோதனையை நிறுத்தி வேறொரு நாள் செய்வார்கள். காலை ஆறு மணிக்குப் பழக்க தோஷத்தில் பால் தேநீர் குடித்துவிட்டவருக்கும் இதே விதிதான். இன்னொரு நாள் விடுப்பு எடுக்க வேண்டுமே என்று பேசாமல் இருந்தால், வெறும் வயிற்று அளவு பொய்யாக உயர்ந்து, இல்லாத நோய்க்குப் பேறுகாலம் வரை தினமும் விரலில் ஊசி குத்திப் பார்க்க நேரலாம்.

முடிவை எப்படிப் படிப்பது? லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 என்பவை எல்லைகள். மூன்றில் ஏதாவது ஒன்று அந்த அளவைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பெண்ணுக்கு 4.6, 10.3, 8.1 என்று வந்தால், முதலும் கடைசியும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. ஊரில் உள்ளவர்களிடம் சொல்லும்போது 18ஆல் பெருக்கினால் அவர்கள் பழகிய மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்: 10.3 என்பது ஏறக்குறைய 185. நோய் உறுதியானவர்கள் குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி இதே பரிசோதனைக்கு வர வேண்டும். கைக்குழந்தையோடு அலையும் நேரம் என்பதால் இந்தத் தேதிதான் அதிகம் தவறிப்போகிறது.

மற்ற ரத்தப் பரிசோதனைகளில் எல்லாவற்றுக்கும் பட்டினி தேவையில்லை. பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு எடுக்கும் எச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அன்று காலை தோசை சாப்பிட்டாலும் மாறாது. ஆனால் தலசீமியா உள்ளவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த எண் தவறான படத்தைக் காட்டக்கூடும். கொழுப்புப் பரிசோதனைக்குச் சில இடங்களில் பட்டினி கேட்பார்கள், சில இடங்களில் கேட்பதில்லை. முன்பதிவுத் தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள். தைராய்டு பரிசோதனைக்கு முன், முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை உண்டா என்று சொல்லிவிடுங்கள். அது எண்களைப் புரட்டிவிடும்.

மாத்திரை விஷயத்தில் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டினியாக வரும் காலையில் நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவற்றைக் கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டுடன் எடுத்துக்கொள்வதே வழக்கம். ரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாக வழக்கம்போல் தண்ணீருடன் விழுங்கலாம். இரண்டைப் பற்றியும் முன்பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கை நடுக்கமோ குளிர்ந்த வியர்வையோ தெரிந்தால் வரிசை எண்ணுக்குக் காத்திருக்காமல் உடனே தாதியரிடம் சொல்லுங்கள்.