பத்து மடங்கா, நூறு மடங்கா? நோஷன் குறிப்பை மறுபடி வாசித்தல்

ஓராண்டில் பத்து மடங்கு வளரப்போகும் ஸ்டார்ட்அப்பின் தரவுத்தளத்துக்குத் திட்டமிடும்போது, இன்றைய அளவைப் பத்தால் பெருக்கி, மேலே கொஞ்சம் உபரி வைப்பது வழக்கம். இந்த வழக்கத்துக்கு நோஷன் நிறுவனப் பொறியாளர்களின் 2021ஆம் ஆண்டுக் குறிப்பைச் சான்றாக வாசிக்கலாம் என்று தோன்றும். ஒரே போஸ்ட்கிரெஸ் தளம் தாங்க முடியாத அளவுக்குப் பெருத்ததால் அதை 32 தளங்களில் 480 ஷார்டுகளாகப் பிரித்தார்கள் என்பது அவ்வாசிப்பு. குறிப்பு அப்படிச் சொல்லவில்லை என்பதே என் கருத்து.

வட்டின் கொள்ளளவைக் கூட்டிவிடலாம் என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களை அச்சுறுத்தியது வேறு. செத்த வரிகளை அகற்றும் வேக்யூம் அடிக்கடி முடங்கியது. அது முடங்கினால் பரிவர்த்தனை எண்கள் தீர்ந்து, போஸ்ட்கிரெஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். அந்த எண் 32 பிட் கொண்டது. ஒரு வரியின் வயது ஏறத்தாழ 210 கோடி பரிவர்த்தனைகளை எட்டுவதற்குள் வேக்யூம் அதை உறையவைத்தாக வேண்டும். ஆகவே இங்கே கேள்வி இடத்தைப் பற்றியதன்று, துப்புரவின் வேகத்தைப் பற்றியது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அட்டவணை 400 ஜிபி. எழுதும் பரிவர்த்தனைகள் விநாடிக்கு 300. `autovacuum_freeze_max_age` இயல்பாக 20 கோடி. அது 185 மணி நேரத்தில் எட்டப்படும். போஸ்ட்கிரெஸ் 14 முதலான பதிப்புகளின் இயல்பு அமைப்பில், படித்த பக்கத்தையெல்லாம் மாற்றி எழுதவும் நேர்ந்தால், வேக்யூமின் வேகம் விநாடிக்குச் சுமார் 37 எம்பியைத் தாண்டாது. இன்டெக்ஸ்களை விட்டுவிட்டாலும் 400 ஜிபிக்கு 3 மணி நேரம். 185 மணியில் 3 மணி வேலை என்பதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

எல்லாம் பத்து மடங்கானால், 20 கோடி பதினெட்டரை மணியில் வந்துவிடுகிறது. வேலையோ 30 மணி. அவகாசம் பத்தில் ஒன்றாகச் சுருங்க, வேலை பத்து மடங்காகிறது. சுமையின் விகிதம் நூறு மடங்கு கூடுகிறது. தளம் அன்றே நின்றுவிடாது. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று தொடங்கியாக வேண்டும், இடைவெளியே இராது. அந்த நிலையில் நீண்டநேரம் திறந்து கிடக்கும் ஒரே ஒரு பரிவர்த்தனை உறையவைப்பதைத் தடுத்தாலும் போதும், 210 கோடி எண்களும் எட்டே நாளில் கரைந்துவிடும்.

முழுவதும் உறைந்த பக்கங்களை வேக்யூம் தாண்டிச் செல்லும் என்பது நியாயமான மறுப்பு. பழைய வரிகளைத் தொடாமல் சேர்த்துக்கொண்டே போகும் பதிவேடுகளுக்கு என் கணக்கு மிகைதான். ஆனால் நோஷன் போன்ற செயலியில் பயனர் பழைய பத்தியையும் திருத்துகிறார். திருத்திய பக்கம் மறுபடி வேலைப் பட்டியலுக்கு வந்துவிடுகிறது. வரம்பை 100 கோடியாக உயர்த்தலாமே என்றால், கிடைப்பது ஐந்து மடங்கு, பழைய நிலைக்குத் திரும்பத் தேவையோ நூறு மடங்கு. வேக்யூமை வேகப்படுத்தலாமே என்றால், அது பயனரின் வினவல்களுக்கு உரிய வட்டு அலைவரிசையையே எடுத்துக்கொள்ளும்.

இந்த வெளிச்சத்தில் 32, 480 என்னும் இரண்டு எண்களும் வெவ்வேறு வேலை செய்கின்றன. பரிவர்த்தனை எண்ணி தளம் ஒன்றுக்கு ஒன்றே. ஒரே தளத்தில் உள்ள 15 ஷார்டுகளும் அதைப் பகிர்ந்துகொள்வதால், எண்கள் செலவாகும் வேகத்தைக் குறைப்பது 32 மட்டுமே. 480 செய்வது அட்டவணைகளைச் சிறிதாக்கி, ஒவ்வொரு சுற்றையும் விரைவில் முடியச் செய்வது. 480க்கு வகுத்திகள் பல என்பதால் தளங்களைப் பின்னர் எளிதாகக் கூட்டலாம் என்பது அவர்களே சொன்ன காரணம். அதை நான் மறுக்கவில்லை. 2023இல் 32 தளங்கள் 96 ஆயின, தளத்துக்கு 5 ஷார்டுகள். அப்போது நெருக்கியவை உச்சநேர சிபியு பயன்பாடு, வட்டு அலைவரிசை, இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவை. வேக்யூம் மட்டுமே எப்போதும் முதலில் முட்டும் என்று நான் வாதிடவில்லை. இரண்டு முறையும் முதலில் முட்டியது கொள்ளளவு அல்ல என்பதே என் வாதம்.

இதை முன்கூட்டியே காண ஒரு வினவல் போதும்:

```sql
SELECT relname, age(relfrozenxid)
FROM pg_class WHERE relkind = 'r'
ORDER BY 2 DESC LIMIT 5;
```

இதை வேக்யூம் ஓடாத நேரத்தில் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை ஓட்டினால், எண்கள் செலவாகும் வேகம் தெரியும். வேக்யூம் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்த வேகத்தில் 20 கோடியை எட்ட ஆகும் நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து மடங்கு என்றால் மாதத்துக்கு 21 விழுக்காடு வளர்ச்சி; இந்த விகிதமோ மாதத்துக்கு ஏறத்தாழ 47 விழுக்காடு ஏறும். மேற்கண்ட கணக்கில் 3க்கு 185 என்று தொடங்கும் விகிதம் பதினோராம் மாதத்தில் ஒன்றைத் தாண்டுகிறது. அந்த நாளில் தரவு ஏறத்தாழ எட்டு மடங்குதான் ஆகியிருக்கும். பத்து மடங்குக்கு வாங்கிய வட்டில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் காலியாகக் கிடக்கும்.